ஓங்கிய கட்டை, முறிந்த மணிக்கட்டு, குறி தவறிய கல்

சட்டக் கல்லூரித் தேர்வுத்தாளில் ஒரு வகைக் கேள்வி வரும். இந்தப் பிரிவை விளக்குக, அந்தக் குற்றத்தை வரையறுக்க என்று அது கேட்காது. ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்லிவிட்டு, இதில் யார் மீது என்ன குற்றம் நிலைக்கும் என்று மட்டும் கேட்கும். மாணவர்கள் இதை ‘ப்ராப்ளம் கேள்வி’ என்பார்கள். பிரிவுகளை வரி பிசகாமல் ஒப்பிக்கத் தெரிந்தவர்கள்கூட இந்தக் கேள்வியில் திணறுவதைப் பார்த்து வருகிறேன். சட்டம் தெரியாததால் அவர்கள் திணறவில்லை. தெரிந்த சட்டத்தைக் கொண்டுபோய் எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் திணறுகிறார்கள்.

அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் சிக்கல் எது என்று சொல்ல வேண்டும். அடுத்து அதற்குரிய விதியைச் சொல்ல வேண்டும். பிறகு அந்த விதியை நடந்த சம்பவத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். கடைசியில் முடிவு. ஆங்கிலத்தில் இந்த நான்கின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஐராக்’ என்று வகுப்பறைகளில் சொல்கிறார்கள். நான்கு படிகளையும் ஒரு நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். மூன்றாவது படியில்தான் பெரும்பாலானோர் வழுக்கி விழுகிறார்கள். அதைக் காட்ட ஓர் அடிதடியையே எடுத்துக்கொள்வோம். பெயர்களும் சம்பவமும் கற்பனை.

2025 மார்ச் மாதத்து மாலை. கணேசனும் ரமேஷும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ரமேஷின் பைக் தன் வாசலை மறித்து நிற்கிறது என்று கணேசன் சத்தம் போடுகிறார். வாசலில் கிடந்த உருட்டுக்கட்டையை எடுத்து, நான்கைந்து அடி தள்ளி நிற்கும் ரமேஷை நோக்கி ஓங்கி, “இன்னிக்கு உன் மண்டையைப் பொளக்காம விடமாட்டேன்” என்கிறார். ரமேஷ் சிரிக்கிறார். “எங்க, அடிங்க பார்க்கலாம்” என்கிறார். கணேசன் கட்டையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் ரமேஷின் நெஞ்சில் ஒரு தள்ளு தள்ளுகிறார். பின்னால் தடுமாறிய ரமேஷ், சாக்கடை மூடியின் விளிம்பில் கால் இடறி விழுகிறார். இடது மணிக்கட்டு எலும்பு முறிகிறது. கணேசன் திரும்பித் தன் வீட்டை நோக்கி நடக்கிறார். ரமேஷ் எழுந்து, கையில் கிடைத்த கல்லை அவர் முதுகைப் பார்த்து வீசுகிறார். குறி தவறுகிறது. ஆள் நடமாட்டமுள்ள அந்தத் தெருவில் பூக்கூடையோடு போய்க்கொண்டிருந்த பாக்கியம் அம்மாளின் நெற்றியில் கல் பட்டு ரத்தம் வருகிறது. இரண்டு தையல் போடுகிறார்கள்.

இதைப் படித்ததும் கை பரபரக்கும். “எலும்பு முறிந்திருக்கிறது, எனவே கொடுங்காயம், எனவே ஏழு ஆண்டு” என்று எழுதத் தோன்றும். பேனாவை எடுக்கும் முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சம்பவத்தைச் செயல்களாக வெட்ட வேண்டும். கணேசன் கட்டையை ஓங்கியது ஒரு செயல். தள்ளியது இன்னொன்று. ரமேஷ் கல் வீசியது மூன்றாவது. குற்றவியல் சட்டம் ஒரு சண்டையை மொத்தமாகத் தூக்கி எடை போடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட ஆள், ஒரு குறிப்பிட்ட கணத்தில், என்ன மனநிலையோடு என்ன செய்தார் என்றுதான் கேட்கிறது. எனவே மூன்று செயலுக்கும் தனித்தனியாக நான்கு படிகள் வேண்டும். மூன்றையும் கலந்து ஒரே பத்தியில் எழுதிய விடையில் விதிகள் ஓரிடத்தில் குவிந்து கிடக்கும், சம்பவம் வேறிடத்தில் கிடக்கும். இரண்டும் சந்திக்கவே சந்திக்காது.

தேதியையும் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதற்கு முன் நடந்தவற்றுக்கு 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். நம் சம்பவம் 2025இல் நடந்தது, ஆகவே புதிய சட்டம். பழைய புத்தகத்தில் படித்தவர்கள் ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும். அடிக்க முனைதல் பழைய சட்டத்தில் 351ஆம் பிரிவு, இப்போது அது 130. புதிய சட்டத்தின் 351ஆம் பிரிவு குற்றமுறு மிரட்டலைப் பற்றிப் பேசுகிறது. எண்ணை மட்டும் நினைவில் வைத்து எழுதுபவர், ஒரு குற்றத்தை எழுதுவதாக நினைத்துக்கொண்டு இன்னொரு குற்றத்தை எழுதிவிடுவார்.

கட்டைக்கு வருவோம். இங்கே சிக்கல் என்ன? “கணேசன் குற்றவாளியா?” என்று எழுதினால் அது சிக்கல் ஆகாது, கேள்வித்தாளில் இருப்பதைத் திருப்பி எழுதியதாகும். சிக்கலில் சட்டமும் சம்பவமும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிட வேண்டும். இப்படி எழுதலாம்: “ரமேஷின் உடலைத் தொடாமல், அவரை நோக்கிக் கட்டையை ஓங்கி, மண்டையைப் பிளப்பதாகச் சொன்ன கணேசனின் செயல், ரமேஷ் அஞ்சாத நிலையிலும், 130ஆம் பிரிவின்படி தாக்க முனைதல் ஆகுமா?” இந்த ஒரு வாக்கியத்திலேயே விடை எழுதுபவருக்கு இரண்டு முடிச்சுகள் தெரிந்திருக்கின்றன என்று திருத்துபவருக்குப் புரிந்துவிடும். ஒன்று, உடலில் படவில்லை. இன்னொன்று, எதிராளி பயப்படவில்லை.

விதி இதுதான். ஒருவர் ஏதேனும் ஒரு சைகையையோ ஆயத்தத்தையோ செய்கிறார். எதிரில் இருப்பவர் மீது தாம் அப்போதே பலத்தைப் பிரயோகிக்கப் போகிறோம் என்று அந்த நபர் நினைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு அதைச் செய்கிறார், அல்லது அப்படி நினைக்கக்கூடும் என்று தெரிந்தே செய்கிறார். அப்படியானால் அது தாக்க முனைதல். அடி விழ வேண்டியதில்லை. வெறும் சொல் போதாது. ஆனால் சொல்லப்பட்ட சொற்கள் சைகைக்குப் பொருள் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவோடு இணைந்த விளக்கம் சொல்கிறது.

இங்கே ஒரு சங்கதி. இந்தச் சட்டத்தின் மூல வரைவை 1837இல் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் தயாரித்தபோது, பல பிரிவுகளுக்கும் கீழே குட்டிக் குட்டிச் சம்பவங்களை எடுத்துக்காட்டுகளாகச் சேர்த்தது. 1860இல் சட்டமானபோதும் அவை தொடர்ந்தன, பெரும்பாலானவை இன்றைய புதிய சட்டத்திலும் இருக்கின்றன. தாக்க முனைதலுக்கு மூன்று எடுத்துக்காட்டுகள் உண்டு. ஒருவர் இன்னொருவரை நோக்கி முஷ்டியை ஆட்டுகிறார். ஒருவர் கடிநாயின் வாய்க்கட்டை அவிழ்க்கத் தொடங்குகிறார். மூன்றாமவர் தடியைக் கையில் எடுத்து, உன்னை அடிக்கப் போகிறேன் என்கிறார். கணேசன் செய்தது கிட்டத்தட்ட இந்த மூன்றாவதுதான். இந்த எடுத்துக்காட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு ப்ராப்ளம் கேள்வியும் அதன் விடையுமே. பேர் ஆக்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எடுத்துக்காட்டின் முதல் பாதியை மட்டும் வாசித்து, மீதியை மூடிவைத்துத் தானே விடை எழுதிப் பார்ப்பதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. சட்டத்தை எழுதியவர்களே விதியை எப்படிப் பொருத்தினார்கள் என்பது அதில் தெரியும்.

இப்போது மூன்றாவது படி. பலர் இப்படி எழுதுகிறார்கள்: “இங்கே கணேசன் கட்டையை ஓங்கினார். எனவே 130ஆம் பிரிவின் கூறுகள் அனைத்தும் நிறைவேறுகின்றன.” முதல் வாக்கியம் சம்பவம், இரண்டாவது முடிவு. நடுவில் இருக்க வேண்டிய காரணம் காணாமல் போய்விட்டது. எந்தக் கூறு எந்த உண்மையால் நிறைவேறியது என்பதைத்தான் திருத்துபவர் தேடுகிறார்.

கூறுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சம்பவத்திலிருந்து அதற்குரிய துண்டைப் பக்கத்தில் வைத்தால் விடை இப்படி வரும்: “கட்டையைக் கையில் எடுத்து ஓங்கியது சைகை. நான்கைந்து அடி தூரம் என்பது ஓர் எட்டு வைத்தால் கட்டை மண்டையில் விழக்கூடிய தூரம். எனவே பலப்பிரயோகம் என்றோ ஒருநாள் நடக்கப்போவதாக இல்லை, அந்தக் கணத்திலேயே நடக்கக்கூடியதாக இருந்தது. ‘இன்னிக்கு’ என்ற சொல்லும் அதையே காட்டுகிறது. மண்டையைப் பிளப்பதாகச் சொன்ன சொல் தனியாகக் குற்றம் ஆகாவிட்டாலும், ஓங்கிய கட்டை எதற்கு என்பதில் ஐயம் இல்லாமல் செய்துவிடுகிறது. ரமேஷ் அப்படி நம்பக்கூடும் என்பது கணேசனுக்குத் தெரிந்தே இருந்திருக்கும்.” தூரம் என்ற சின்னத் தகவலுக்கும் இதில் வேலை கிடைத்திருப்பதைக் கவனியுங்கள். கேள்வி தயாரிப்பவர் ‘நான்கைந்து அடி’ என்று அழகுக்காக எழுதுவதில்லை. கணேசன் மாடியிலும் ரமேஷ் தெருவிலும் நின்றிருந்தால் விடை வேறு திசையில் போயிருக்கும்.

அடுத்தது சிரிப்பு. ரமேஷ் பயப்படவில்லையே, பிறகு எப்படிக் குற்றம்? இந்த இடத்தில் பிரிவின் வாசகத்தைக் கூர்ந்து படித்திருக்க வேண்டும். சட்டம் பார்ப்பது சைகை செய்தவரின் மனத்தை. எதிராளி அப்படி நினைக்க வேண்டும் என்று அவர் விரும்பினாரா, அல்லது நினைக்கக்கூடும் என்று அறிந்திருந்தாரா? அதோடு முடிந்தது. எதிராளி உண்மையில் நடுங்கினாரா என்பது குற்றத்தின் கூறு அல்ல. ரமேஷின் சிரிப்பு, அந்தச் சைகையை யாரும் நிஜமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று வாதாட ஒரு சான்றாக மட்டும் பயன்படலாம். ஆனால் “அடிங்க பார்க்கலாம்” என்று அவர் சொன்னதே, அடி வரக்கூடும் என்று அவர் கண்டுகொண்டதைக் காட்டுகிறது என்று அரசுத் தரப்பு திருப்பிச் சொல்லும். இப்படி ஒரே உண்மையை இரு தரப்பும் எப்படிப் பிடிக்கும் என்று எழுதுவதுதான் பொருத்திப் பார்த்தல்.

சொற்கள் சைகையைக் கூர்மையாக்குவதுபோல, மழுங்கவும் செய்யலாம். 1669இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஒருவர் வாளின் மீது கையை வைத்துக்கொண்டு, நீதிபதிகள் ஊருக்கு வந்திருக்கும் காலமாக இல்லாவிட்டால் இப்படிப் பேசுவதைப் பொறுத்துக்கொண்டிருக்க மாட்டேன் என்ற பொருளில் சொன்னார். நீதிபதிகள் வந்திருந்த காலம் அது. எனவே அவர் அப்போது ஒன்றும் செய்யப்போவதில்லை என்று அந்தச் சொல்லே காட்டியது, தாக்க முனைதல் ஆகவில்லை. டியூபர்வில் எதிர் சாவேஜ் என்ற அந்த வழக்கை இந்திய வகுப்பறைகளிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கணேசன் “உங்க அம்மா நிக்கிறாங்களேன்னு பார்க்கிறேன், இல்லேன்னா மண்டையைப் பொளந்திருப்பேன்” என்று சொல்லியிருந்தால் இந்த வழக்கு அவருக்குக் கைகொடுத்திருக்கும். அவர் அப்படி நிபந்தனை எதுவும் வைக்கவில்லை. வழக்கின் பெயரை எழுதுவது பெரிய விஷயம் அல்ல. நம் சம்பவம் அதிலிருந்து எந்தச் சொல்லில் வேறுபடுகிறது என்று காட்டினால்தான் அதற்கு மதிப்பு.

முடிவை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: கணேசன் மீது தாக்க முனைதல் நிலைக்கும் வாய்ப்பு அதிகம். 131ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திடீரென நேர்ந்த கடுமையான ஆத்திரமூட்டல் இருந்தால் இந்தத் தண்டனை குறையும். வாசலில் நின்ற பைக்கை அந்த அளவுக்குப் பெரிதாகக் காட்டுவது கடினம்.

அடுத்தது தள்ளு. கேள்வியின் கனமே இங்கேதான் இருக்கிறது. தேர்வில் நேரத்தைப் பங்கிடும்போது கட்டைக்கும் கல்லுக்கும் கொடுப்பதைவிட இதற்கு அதிகம் கொடுக்க வேண்டும்.

தள்ளியது குற்ற நோக்குள்ள பலப்பிரயோகம் என்பதில் சந்தேகம் இல்லை. தெருவில் ஒருவரை வேண்டுமென்றே இடித்துத் தள்ளுவதை 129ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகளில் ஒன்றே சொல்கிறது. ரமேஷ் “அடிங்க பார்க்கலாம்” என்றது சம்மதம் ஆகுமா என்று ஒருவர் கேட்கலாம். சண்டையில் விடும் சவாலை, அடிப்பதற்கான மனமார்ந்த ஒப்புதலாக யாரும் கொள்ளமாட்டார்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு நகரலாம். வலி ஏற்பட்டிருப்பதால் இது வெறும் பலப்பிரயோகத்தோடு நிற்கவில்லை, காயம் விளைவித்தலாகிவிட்டது. ஆகவே பலப்பிரயோகத்தைத் தனிக் குற்றமாக ஒரு பக்கம் நீட்ட வேண்டியதும் இல்லை.

உண்மையான சிக்கல் வேறு: “மணிக்கட்டு எலும்பு முறிந்திருப்பதால், கணேசன் வேண்டுமென்றே கொடுங்காயம் விளைவித்தவர் ஆவாரா, அல்லது வேண்டுமென்றே காயம் விளைவித்தவர் மட்டுந்தானா?” இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. 115ஆம் பிரிவின்படி காயத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 117ஆம் பிரிவின்படி கொடுங்காயத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும்.

கொடுங்காயம் எது என்று 116ஆம் பிரிவு எட்டு வகைகளைச் சொல்கிறது. கண் பார்வை போவது, காது கேளாமல் போவது, ஓர் உறுப்பை இழப்பது என்று போகும் அந்தப் பட்டியலில் எலும்போ பல்லோ முறிவதும் பிசகுவதும் ஏழாவது. ரமேஷின் மணிக்கட்டு சந்தேகமில்லாமல் அதில் விழும். மாணவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுகிறார்கள். எக்ஸ்ரே முறிவைக் காட்டுகிறது, பட்டியலில் முறிவு இருக்கிறது, கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

முடியவில்லை. 117ஆம் பிரிவு இரண்டு விஷயங்களைக் கேட்கிறது. விளைந்தது கொடுங்காயமாக இருக்க வேண்டும். அதோடு, செய்தவர் நினைத்ததும் கொடுங்காயமாக இருக்க வேண்டும், குறைந்தது தம் செயலால் கொடுங்காயம் விளையக்கூடும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்தப் பிரிவு பொருந்தாது என்று அதன் விளக்கம் வெளிப்படையாகவே சொல்கிறது. கையை முறிக்க நினைத்துக் காலை முறித்தால் தப்ப முடியாது, ஏனென்றால் நினைத்ததும் கொடுங்காயம், நடந்ததும் கொடுங்காயம். ஆனால் லேசாக வலிக்கட்டும் என்று நினைத்துத் தள்ளியதில் எலும்பு முறிந்தால் அது வேறு கணக்கு.

ஆகவே கணேசன் தள்ளிய கணத்தில் அவர் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். மனத்தை யாரும் திறந்து பார்க்க முடியாது. ஆயுதம் எது, அடி எங்கே விழுந்தது, எத்தனை முறை, எவ்வளவு வேகம், முன்னும் பின்னும் என்ன பேசினார், என்ன செய்தார் என்பவற்றிலிருந்துதான் நீதிமன்றம் அதை ஊகிக்கிறது. சம்பவத்தை இந்தக் கேள்விகளோடு இன்னொரு முறை படியுங்கள். ஒவ்வொரு சொல்லும் புதிதாகப் பேசும்.

கணேசன் கட்டையைக் கீழே போட்டுவிட்டார். அடிதடியில் ஒருவர் கையிலிருந்த ஆயுதத்தைத் தானாகவே போட்டுவிட்டுக் கையால் தள்ளினார் என்றால், பெரிய காயம் வேண்டாம் என்று நினைத்ததாகவே தோன்றும். அவர் தள்ளியது ஒரே ஒரு முறை. தள்ளிய இடம் நெஞ்சு. விழுந்தவரை மிதிக்கவில்லை, திரும்பி நடந்துவிட்டார். இவை அவருக்குச் சாதகமானவை.

எதிர்ப்பக்கத்தையும் அதே நேர்மையோடு எழுத வேண்டும். சில விநாடிகளுக்கு முன்புதான் மண்டையைப் பிளப்பேன் என்றார். அது கொடுங்காயத்தை மனத்தில் வைத்துச் சொன்ன சொல். இரண்டு கைகளாலும் தள்ளியது லேசான தள்ளு அல்ல. ரமேஷின் பின்னால் சாக்கடை மூடி இருந்தது. அதே தெருவில் அடுத்த வீட்டில் குடியிருப்பவருக்கு அந்த மூடியின் விளிம்பு எங்கே தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்திருக்குமே? இது அரசுத் தரப்பின் நல்ல வாதம். ஆனால் விளிம்பு இருப்பது தெரிந்திருப்பது வேறு, தள்ளினால் ஆள் அதில் இடறி எலும்பு முறியக்கூடும் என்று அந்தக் கணத்தில் தெரிந்திருப்பது வேறு. சட்டம் கேட்பது இரண்டாவதை. ரமேஷ் விளிம்பை ஒட்டி நின்றிருந்தாரா, கணேசன் அதைப் பார்த்தாரா என்று கேள்வி சொல்லவில்லை. சொல்லாததை நாமே கற்பனை செய்து நிரப்பக் கூடாது. “விளிம்பை ஒட்டி நிற்பதைப் பார்த்தே தள்ளினார் என்று சாட்சியம் இருந்தால் 117ஆம் பிரிவு வலுப்படும்” என்று ‘இருந்தால்’ போட்டு எழுத வேண்டும். இந்த ஒரு சொல்லைச் சரியான இடத்தில் போடத் தெரிந்தவரின் விடை, வழக்கறிஞர் ஒருவர் கட்சிக்காரரிடம் பேசுவதுபோல இருக்கும்.

முடிவு: கிடைத்திருக்கும் உண்மைகளை வைத்துப் பார்த்தால், கணேசன் வேண்டுமென்றே காயம் விளைவித்தார் என்ற 115ஆம் பிரிவுக் குற்றம் நிலைக்கும். கொடுங்காயக் குற்றச்சாட்டு நியாயமான சந்தேகத்தைத் தாண்டி நிறுவப்படுவது கடினம். இதற்கு நேர்மாறான முடிவை எழுதியவருக்கு மதிப்பெண் கிடைக்காதா? கிடைக்கும். சாக்கடை விளிம்பையும் மண்டையைப் பிளப்பேன் என்ற சொல்லையும் வைத்து ஏழு ஆண்டுப் பிரிவை ஒருவர் காரணத்தோடு நிறுவியிருந்தால், கட்டையைக் கீழே போட்டதற்கும் அவர் பதில் சொல்லியிருந்தால், அது நல்ல விடைதான். எலும்பு முறிந்தது என்ற ஒரே காரணத்தை வைத்து அங்கே தாவியிருந்தால் அது விடையே அல்ல.

கடைசியாக அந்தக் கல். இங்கே முதலில் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு. கணேசனை நோக்கி வீசிய கல் பாக்கியம் அம்மாள் மீது பட்டது. அந்த அம்மாளைக் காயப்படுத்தும் எண்ணம் ரமேஷுக்கு இல்லவே இல்லை. அப்படியானால் குற்றம் இல்லையா? 115ஆம் பிரிவின் வாசகமே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. யாரேனும் ஒருவருக்குக் காயம் விளைவிக்கும் நோக்கத்தோடு ஒரு செயலைச் செய்து, அதனால் யாரேனும் ஒருவருக்குக் காயம் விளைந்தால் போதும். நினைத்த ஆளும் பட்ட ஆளும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கணேசனைக் காயப்படுத்த நினைத்தார், பாக்கியம் அம்மாள் காயப்பட்டார், கூறுகள் நிறைந்துவிட்டன.

ரமேஷ் தற்காப்பு என்பார். தன்னைத் தள்ளிக் கையை முறித்தவர் மீதுதானே எறிந்தேன் என்பார். உடலைக் காத்துக்கொள்ளும் உரிமை, ஆபத்து வரப்போகிறது என்ற நியாயமான அச்சம் எழும் கணத்தில் தொடங்கி, அந்த அச்சம் இருக்கும்வரை நீடிக்கிறது என்று 40ஆம் பிரிவு சொல்கிறது. இப்போது நேரத்தைப் பொருத்திப் பாருங்கள். கல் கையிலிருந்து புறப்பட்டபோது கணேசன் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தார். கட்டை தரையில் கிடந்தது. வரவிருந்த ஆபத்து எதுவும் இல்லை, நடந்துமுடிந்த அவமானம்தான் இருந்தது. பழிவாங்குவதற்கான உரிமை அல்ல இது என்று தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற 2010ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தற்காப்பு உரிமையின் எல்லைகளைத் தொகுத்துச் சொன்னபோது தெளிவுபடுத்தியிருக்கிறது. தற்காப்பு என்று வாதிடுபவரே அதைக் காட்ட வேண்டும். அரசுத் தரப்பைப்போல சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டியதில்லை, அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குக் காட்டினால் போதும். அந்த அளவுக்குக்கூட இங்கே உண்மைகள் துணை வரவில்லை.

ரமேஷுக்கு உண்மையில் உதவக்கூடியது வேறொரு வாதம். அதைப் பலர் தொடுவதே இல்லை. கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டலால் ஒருவர் காயம் விளைவித்தால், 122ஆம் பிரிவு தண்டனையை ஒரு மாதச் சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்ற அளவுக்குக் குறைக்கிறது. மணிக்கட்டு முறிந்து விழுந்தவர் எழுந்த வேகத்தில் கல்லை எடுத்தார் என்றால் ஆத்திரமூட்டல் கடுமையானது, திடீரென்றது என்று இரண்டையும் வாதிடலாம். ஆனால் அதே பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆத்திரமூட்டியவரைத் தவிர வேறு யாருக்கும் காயம் விளைவிக்கும் எண்ணமோ, விளையக்கூடும் என்ற அறிவோ இருந்திருக்கக் கூடாது. சம்பவத்தில் ‘ஆள் நடமாட்டமுள்ள தெரு’ என்று வந்த சொல்லுக்கு இப்போது வேலை வருகிறது. மாலை நேரம், ஆட்கள் போய்வரும் தெரு, அதில் கல்லை எறிந்தால் வேறு யார் மீதாவது படலாம் என்று ரமேஷுக்குத் தெரிந்திருக்காதா? தெரிந்திருக்கும் என்று நீதிமன்றம் கண்டால் இந்தச் சலுகை போய்விடும். வெறிச்சோடிய தெருவில், சந்திலிருந்து திடீரென்று வந்த பாக்கியம் அம்மாள் மீது பட்டிருந்தால் சலுகை நின்றிருக்கும்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம். கல் ஆபத்தான ஆயுதமா? ஆயுதமாகப் பயன்படுத்தினால் மரணம் விளையக்கூடிய கருவியால் காயம் விளைவித்தால் 118ஆம் பிரிவு வரும். மூன்றாண்டு வரை சிறை, அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கல் என்றாலே ஆபத்தான ஆயுதம் என்று எழுதிவிட முடியாது. மத்தாய் எதிர் கேரள மாநிலம் என்ற 2005ஆம் ஆண்டு வழக்கில், கல்லின் அளவு பற்றிய சான்று இல்லாத நிலையில், ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் என்ற தண்டனைத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் சாதாரணக் கொடுங்காயமாக மாற்றியது. நம் கேள்வியும் ‘கையில் கிடைத்த கல்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. எலுமிச்சை அளவா, செங்கல் அளவா என்று சொல்லவில்லை. விளைந்தது இரண்டு தையல் போடும் காயம். மரணம் விளைவிக்கக்கூடிய கல் என்று சொல்ல அது ஒன்றே போதாது.

எனவே ரமேஷுக்கான முடிவை இப்படி எழுதலாம்: பாக்கியம் அம்மாளுக்கு வேண்டுமென்றே காயம் விளைவித்ததாக 115ஆம் பிரிவின் கீழ் அவர் பொறுப்பாவார். தற்காப்பு வாதம் எடுபடாது. தெருவின் ஆள் நடமாட்டத்தை அவர் அறிந்திருந்தார் என்று காட்டப்பட்டால் ஆத்திரமூட்டல் சலுகையும் கிடைக்காது. கல் பெரியது என்பதற்குச் சாட்சியம் வந்தால் 118ஆம் பிரிவைப் பரிசீலிக்கலாம், இல்லாவிட்டால் அதைச் சேர்க்கக் கூடாது.